15 வாட்டில் எத்தனை பிரேம்?

சைபர்பங்க் 2077 கேமில் ஜப்பான்டவுன் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு சந்தை. மழை பெய்து தரை நனைந்திருக்கும். ஒவ்வொரு கடை விளக்கும் அந்த ஈரத்தில் தலைகீழாக மின்னும். குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பெரிய மேசைக் கணினிகளையே மூச்சு வாங்க வைக்கும் இந்த இடத்தை, இரண்டு கைகளுக்குள் அடங்கும் ஸ்டீம் டெக்கில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரையில் நொடிக்கு 35 பிரேம் வந்தது. மின்விசிறி இரைந்தது. பேட்டரி நொடிக்கு நொடி 24 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்த 24 வாட்டை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 2022 பிப்ரவரியில் வெளிவந்த முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. அதாவது, 40 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும், 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். 24 வாட் இழுத்தால் நூறு நிமிடம். ஒரு முழு சினிமா பார்க்கும் நேரம்கூட இல்லை.

அன்று இரவே அதே சந்தையில், அதே கேமை, இரண்டு மணி பத்து நிமிடம் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொடுத்த விலை ஐந்து பிரேம், கொஞ்சம் கூட்டம், தரையில் தெரியும் பிரதிபலிப்பில் கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான். எப்படி என்று சொல்வதற்கு முன், இந்த வாட் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் அமைப்புகளைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

ஸ்டீம் டெக்கின் மூளை ஒரே ஒரு சிப். கேமின் கணக்குகளைப் போடும் சி.பி.யு.வும், படத்தை வரையும் ஜி.பி.யு.வும் அந்த ஒரு சிப்புக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15 வாட் என்று தயாரிப்பாளரான வால்வ் நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு குடித்தனம் நடப்பது போலத்தான் இது. கூட்டத்தில் நடக்கும் ஒவ்வொருவரும் எங்கே திரும்ப வேண்டும், எந்தக் காருக்கு வழிவிட வேண்டும் என்று சி.பி.யு. அதிகம் யோசித்தால், அது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் ஜி.பி.யு.வுக்கு.

சிப்புக்கு 15 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 24 ஏன் போகிறது? மிச்சம் 9 வாட் திரைக்கும், நினைவகத்துக்கும், எஸ்.எஸ்.டி.க்கும், வைஃபைக்கும், மின்விசிறிக்கும், மின்னழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாக வீணாவதற்கும் போகிறது. இது கடை வாடகை மாதிரி. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஏறக்குறைய அதே தொகையைக் கட்டியாக வேண்டும். ஆகவே சிப்பின் எல்லையை 15-லிருந்து 10-ஆகக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தத்தில் பார்த்தால் மிச்சமாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். கீழே இறங்க இறங்க வாடகையின் பங்கு கூடிக்கொண்டே போகும். சிப்பை 6 வாட்டுக்கு இறக்கி கேமை ஊர்ந்து போக வைத்தாலும் பேட்டரி நேரம் நினைத்த அளவுக்கு ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கீழ்முனையில் வாடகை தடுக்கிறது என்றால், மேல்முனையில் இயற்பியலே தடுக்கிறது. ஒரு சிப் எரிக்கும் மின்சாரம் தோராயமாக இந்த விதிப்படி ஏறும்:

```
P ∝ V² × f
```

இதில் f என்பது கடிகார வேகம், V என்பது சிப்புக்குக் கொடுக்கும் மின்னழுத்தம். வேகம் மட்டும் ஏறினால் பரவாயில்லை, செலவும் அதே அளவில்தான் ஏறும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கூட்டியாக வேண்டும். அது இரண்டு முறை பெருக்கப்படுகிறது. வேகம் 10 சதவீதமும் அதற்காக மின்னழுத்தம் 10 சதவீதமும் ஏறினால், செலவு 33 சதவீதம் ஏறிவிடும். மோட்டார் சைக்கிளை 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவர்களுக்குக் கிடைக்கும் மைலேஜ் 90-இல் ஓட்டினால் கிடைக்காது. அங்கே காற்று எதிர்க்கிறது, இங்கே மின்னழுத்தம்.

அந்த 10 சதவீத வேகமும்கூட அப்படியே பிரேமாக மாறிவிடாது. வரைய வேண்டிய படத்தின் துண்டுகள் நினைவகத்திலிருந்து வந்து சேர வேண்டும். அந்த வழியின் அகலம் ஸ்டீம் டெக்கில் நொடிக்கு 88 ஜிகாபைட். சி.பி.யு.வும் ஜி.பி.யு.வும் இதையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வழி நிரம்பிவிட்டால் ஜி.பி.யு. வேகமாகக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆக, இரண்டு முனைகளிலும் நஷ்டம். நடுவில் எங்கோ ஒரு இடத்தில்தான் ஒரு வாட்டுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அந்த இடம் கேமுக்குக் கேம் மாறும், ஒரே கேமுக்குள் தெருவுக்குத் தெருவும் மாறும். வேறொருவர் சொன்ன எண்ணை அப்படியே போட்டுக்கொள்வதில் பயனில்லாமல் போவது இதனால்தான். தேடுவதற்கு அதிக நேரம் ஆகாது, இருபது நிமிடம் போதும்.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது பேட்டரி எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியாது. வலது பக்கம் மூன்று புள்ளி போட்ட பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் வரும் பட்டியலில் பேட்டரிப் படம் போட்ட பகுதிக்குப் போங்கள். `Performance Overlay Level` என்ற பட்டையை 4-க்குத் தள்ளினால் திரையின் ஓரத்தில் எண்கள் வரிசையாக வந்து நிற்கும். பார்க்கவே தலை சுற்றும். உங்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று. பேட்டரியிலிருந்து போகும் வாட், ஜி.பி.யு.வின் மெகாஹெர்ட்ஸ், கீழே ஓடும் கோடு.

அந்தக் கோடுதான் மிக முக்கியம். ஒவ்வொரு பிரேமும் வரைய எத்தனை மில்லிநொடி ஆனது என்பதை அது காட்டுகிறது. நொடிக்கு 30 பிரேம் சீராக வந்தால் கோடு 33.3 மில்லிநொடியில் மேசையில் வைத்த நூல் மாதிரி கிடக்கும். சராசரி 30 என்று எண் காட்டிக்கொண்டிருக்கும்போதே கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கினால், கண்ணுக்கு விளையாட்டு தட்டித் தட்டித்தான் தெரியும். எண்ணை நம்புவதைவிடக் கோட்டை நம்புவது நல்லது.

அடுத்து, கேமிலேயே மிகக் கனமான இடத்துக்குப் போய் நில்லுங்கள். வெட்டவெளிப் பாலைவனத்தில் நின்று அளந்தால் சந்தைக்கு வந்ததும் எல்லாம் கவிழ்ந்துவிடும். என் அளவீட்டுக்கு நான் ஜப்பான்டவுன் சந்தையைத் தேர்ந்தெடுத்தேன். கிராபிக்ஸ் அமைப்பில் `Steam Deck` என்ற பெயரிலேயே ஒரு தயார்நிலை இருக்கிறது, அதில்தான் தொடங்கினேன். மேலே சொன்ன 35 பிரேம், 24 வாட் அந்த நிலையில் கிடைத்தது.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு, நேராக `TDP Limit` பட்டையைப் பிடித்துக் கீழே இழுப்பது. சிப்பின் வாட் எல்லையை 3-லிருந்து 15 வரை மாற்றும் பட்டை அது. ஆனால் முதலில் தொட வேண்டியது அதுவல்ல, `Framerate Limit`. எத்தனை பிரேம் வேண்டும் என்று முடிவு செய்யாத வரைக்கும் சிப் தன்னிடம் உள்ள எல்லா வாட்டையும் எரித்து எத்தனை முடியுமோ அத்தனை பிரேம் போட்டுக்கொண்டே இருக்கும். 35 வரும், 38 வரும், திரும்பினால் 33 வரும். அந்த ஏற்ற இறக்கம் விளையாட்டுக்கு உதவாது, பேட்டரியை மட்டும் தின்னும்.

நான் 30 என்று பூட்டினேன். கோடு உடனே நேரானது. கொஞ்ச நேரம் காத்திருந்து பேட்டரி எண்ணைப் பார்த்தேன், 24 இருந்த இடத்தில் 21. ஒவ்வொரு பிரேமையும் முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன் சிப்புக்குச் சில மில்லிநொடி ஓய்வு கிடைக்கிறது, அந்த ஓய்வின் விலை 3 வாட். நூறு நிமிடம் நூற்றுப் பதினான்கானது. வாட் எல்லையை இன்னும் தொடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் `TDP Limit`. இதை நான் வெட்டும் கத்தியாக முதலில் பயன்படுத்துவதில்லை, அளக்கும் படியாகப் பயன்படுத்துகிறேன். 15-லிருந்து 14-க்கு இறக்கினேன், ஒன்றும் மாறவில்லை. 13-க்கு இறக்கினேன், கோடும் மாறவில்லை, பேட்டரி எண்ணும் மாறவில்லை. மாறாததில் வியப்பில்லை. சிப் 12 வாட்தான் செலவழிக்கிறது என்றால் 13 என்று எல்லை வைத்து என்ன மிச்சமாகும்? 12-இலும் கோடு அசையவில்லை. 11-க்கு வந்ததும் கோட்டில் சின்ன நடுக்கம். 10-இல் ஜி.பி.யு.வின் மெகாஹெர்ட்ஸ் சட்டென்று கீழே விழுந்தது, பிரேம் 27 ஆனது, சந்தையில் திரும்பும்போதெல்லாம் படம் இழுத்தது. ஆக இந்த இடத்தில், இந்த அமைப்பில், 30 பிரேமுக்குச் சிப்புக்குத் தேவை 12 வாட். எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு குறி தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாட் போதாமல் சிப் திணறும்போது ஜி.பி.யு. 99 சதவீதம் வேலை செய்கிறது என்றே திரை காட்டும். அதைப் பார்த்து, ஜி.பி.யு. முழு வேகத்தில்தான் ஓடுகிறது, கேம்தான் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் உள்ள மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள். இந்த ஜி.பி.யு. 1600 வரை போகக்கூடியது. 99 சதவீதம் காட்டிக்கொண்டே 900-இல் நின்றால், அது பட்டினியில் உழைக்கிறது என்று பொருள். அதே நேரம் ஜி.பி.யு. 70 சதவீதத்தில் சும்மா இருக்க, பிரேம் மட்டும் குறைகிறதென்றால் குற்றம் சி.பி.யு. பக்கம். அப்போது படத் தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பலன் இருக்காது.

தேவை 12 என்று தெரிந்தபின் இரண்டே வழி. 12-இல் நிறுத்திவிடலாம், அல்லது தேவையையே குறைக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. முதலில் `Crowd Density` அமைப்பைக் கீழே இறக்கினேன். சந்தையில் ஆட்கள் குறைந்தார்கள், சி.பி.யு.வின் பங்கு குறைந்தது, அந்த மிச்சம் ஜி.பி.யு.வுக்குப் போனது. பிறகு `Screen Space Reflections Quality`. ஈரத் தரையில் விளக்குகள் மின்னுவதை வரைவது இதுதான். இந்தக் கேமில் அழகுக்கு மிகப் பெரிய விலை கேட்கும் அமைப்புகளில் இதுவும் ஒன்று. அதையும் இறக்கினேன். ஏழு அங்குலத் திரையில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் விளையாடுபவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மறுபடி அதே சந்தை, அதே படியிறக்கம். இந்த முறை 10 வாட் வரைக்கும் கோடு அசையவில்லை, 9-இல்தான் நடுங்கியது. பேட்டரியிலிருந்து போனது 18.5 வாட். நாற்பதைப் பதினெட்டரையால் வகுத்தால் இரண்டு மணி பத்து நிமிடம். எல்லையை 11-இல் வைத்துவிட்டு எழுந்தேன். கோடு நடுங்கத் தொடங்கும் எண்ணுக்கு மேலே இரண்டு வாட் விட்டு வைப்பது என் வழக்கம். சண்டை மூண்டு நாலு பக்கமும் வெடிக்கும்போது அந்த இரண்டு வாட் வேண்டியிருக்கும்.

செலவு எல்லைக்குக் கீழேயே இருக்கும்போது எல்லை எதற்கு என்று கேட்கலாம். பிரேம் பூட்டு விளையாடும் நேரத்தில்தான் சிப்பைக் கட்டுப்படுத்தும். புதிய இடத்தை ஏற்றும்போதும், பின்னணியில் ஏதாவது விரித்துக்கொண்டிருக்கும்போதும் சி.பி.யு. தன்னிஷ்டத்துக்குப் பாயும், அப்போது இந்த எல்லை பிடித்து நிறுத்தும். மின்விசிறியும் ஏறி இறங்காமல் ஒரே சீராகச் சுற்றும். மே மாதத்தில் மின்சாரம் போன அறையில் உட்கார்ந்து இதைப் பிடித்து விளையாடியவர்களுக்கு அந்தச் சீரின் அருமை தெரியும்.

30 பிரேம் போதவே போதாது என்பவர்களுக்கு நான் சொல்வது 40. இது 30-க்கும் 60-க்கும் நடுவில் பேரம் பேசி எடுத்த எண் அல்ல. ஒரு பிரேமுக்கான நேரத்தைப் பாருங்கள். 60-இல் 16.7 மில்லிநொடி, 30-இல் 33.3, 40-இல் 25. கண் உணர்வது இந்த நேரத்தைத்தான், அந்தக் கணக்கில் 40 சரிபாதி. ஆனால் 30-ஐவிடப் பத்துப் பிரேம்தான் அதிகம் வரைய வேண்டும். திரையும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். முதல் ஸ்டீம் டெக்கின் திரையை நொடிக்கு 40 முறை புதுப்பிக்க வைக்கலாம். 2023 நவம்பரில் வந்த ஓலெட் மாடல் 80 முறை புதுப்பித்து, ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டும். சைபர்பங்க் சந்தையில் 40 நிற்காது, அதைவிட இலகுவான கேம்களில் நான் 40-ஐத்தான் பூட்டுகிறேன்.

விண்டோஸில் ஓடும் கருவிகளில் கதை கொஞ்சம் வேறு. ஆசஸ் நிறுவனத்தின் ரோக் அல்லை 2023 ஜூனில் வந்தது, அதன் பேட்டரியும் 40 வாட்-மணிதான். அதன் டர்போ நிலையில் சிப்புக்கு மட்டும் 25 வாட், திரையும் மற்றவையும் சேர்ந்தால் கனமான கேம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதையே 15 வாட்டுக்கு இறக்கினால் வாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போகும், பிரேமில் அவ்வளவு போகாது. மேல்முனையின் கடைசி வாட்கள் எவ்வளவு குறைவாகச் சம்பாதிக்கின்றன என்பதை இந்தக் கருவியில் கண்கூடாகப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே அதே நிறுவனம் 80 வாட்-மணி பேட்டரியோடு ஒரு மாடலைக் கொண்டுவந்தது, கேட்டவர்கள் அத்தனை பேர். ஆனால் கீழே 10 வாட்டுக்குக் கீழ் போனால் புதிய, பெரிய அல்லை சிப்பைவிடப் பழைய ஸ்டீம் டெக் சிப்தான் நன்றாகச் சமாளிக்கிறது. எட்டு சி.பி.யு. கோர்களை வைத்துப் பராமரிக்கவே அங்கே செலவாகிறது, டெக்கில் நான்குதான்.

இந்தக் கருவியில் எல்லையைக் கையால் வைக்கும்போது ஒரு எண் அல்ல, மூன்று எண்கள் கேட்கும். `SPL` என்பது எவ்வளவு நேரமானாலும் தொடர்ந்து எரிக்கலாம் என்ற எல்லை. `SPPT` கொஞ்ச நேரத்துக்கு அதைத் தாண்ட அனுமதி. `FPPT` சில நொடிகளுக்கு இன்னும் மேலே பாய அனுமதி. முதல் எண்ணை மட்டும் 15 என்று குறைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், கேம் தொடங்கியதும் பிரேம் பிரமாதமாக வரும், பிறகு காரணமே இல்லாமல் இறங்கும். பலரும் சூட்டில் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கடன் வாங்கிய வாட் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றையும் நெருக்கமாக வையுங்கள், முதலிரண்டுக்கும் 15, கடைசிக்கு 17 என்பது போல. அதன்பின் பத்து நிமிடம் விளையாடிவிட்டு அளவெடுங்கள், முதல் நிமிடத்து எண் எதற்கும் ஆகாது.

கடைசியாக, நானே ஒரு வாரம் தவித்த விஷயம். பழைய இரு பரிமாண கேம் ஒன்றுக்காக எல்லையை 5 வாட்டில் வைத்திருந்தேன், அதற்கு அது தாராளம். மறுநாள் சைபர்பங்க் திறந்தால் படம் நகரவில்லை, ஒலி கரகரத்தது. ஏதோ அப்டேட்டில் கேம் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு, இரவெல்லாம் மறுபடி இறக்கி நிறுவினேன். அப்போதும் அப்படியே. `TDP Limit` 5-இல் நின்றிருந்ததைப் பார்த்தது ஒரு வாரம் கழித்து. அதே பட்டியலின் மேலே `Use per-game profile` என்று ஒரு சுவிட்சு இருக்கிறது. எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு கேமும் தன் வாட்டைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும்.